இணைப்பு போனாலும் நிற்காத வேலை

பழைய வார இதழ்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் ஒரு சிறிய நூலகத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 12,000 பக்கங்கள் ஸ்கேன் ஆகிவிட்டன. ஏ4 அளவுப் பக்கம், அங்குலத்துக்கு 300 புள்ளி, முழு வண்ணம். அப்படியென்றால் ஒரு பக்கத்தில் 2480 பெருக்கல் 3508 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட். சுருக்கப்படாத டிஃப் கோப்பாக வைத்தால் பக்கத்துக்கு 26 எம்பி வரும். மொத்தம் சுமார் 313 ஜிபி. இது மூலப் பிரதி. இதை அப்படியே வைத்திருக்க வேண்டும். ஆனால் வாசகர் கைப்பேசியில் திறந்து படிக்க ஒரு பக்கத்துக்கு 26 எம்பி என்பது நடக்காத காரியம். அதற்கு வெப்பி போன்ற சிறிய வடிவத்தில் இன்னொரு பிரதி வேண்டும்.

மூலக் கோப்புகள் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் இருக்கின்றன. அது மும்பையில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம். அவற்றை நம் கணினிக்கு இறக்கி மாற்றலாமே என்றால், நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இறக்குவதற்கு மட்டுமே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே கோப்புகள் இருக்கும் இடத்திலேயே மாற்றுவதுதான் முறை. வீட்டிலிருந்து `ssh` வழியாகச் சர்வருக்குள் நுழைந்து, கட்டளை கொடுத்து, திரையில் முன்னேற்றப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூன்று மணி நேரம் கழித்து மின்சாரம் போகிறது, அல்லது மடிக்கணினியை மூடிவிடுகிறோம். திரும்ப வந்து நுழைந்தால் பட்டையும் இல்லை, வேலையும் இல்லை.

சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. வேலை மட்டும் ஏன் செத்தது?

அறுந்தது எது?

`ssh` மூலம் நுழையும்போது சர்வர் நமக்காக ஒரு டெர்மினலைத் திறக்கிறது. அதில் நாம் தொடங்கும் ஒவ்வொரு நிரலும் அந்த டெர்மினலைச் சார்ந்தே நிற்கிறது. தட்டச்சு அதன் வழியாக உள்ளே போகிறது, பட்டை அதன் வழியாக வெளியே வருகிறது. இணைப்பு முடிந்துவிட்டது என்று சர்வர் முடிவு செய்ததும் டெர்மினலை மூடுகிறது. மூடும்போது, அதைச் சார்ந்திருந்த நிரல்களுக்கு `SIGHUP` என்ற சமிக்ஞை போகிறது. கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பயன்படுத்திய காலத்து ஏற்பாடு இது. கம்பியின் மறுமுனையில் ஆள் இல்லாதபோது நிரல் வீணாக ஓட வேண்டாம் என்பது அதன் நோக்கம். இந்தச் சமிக்ஞைக்கு வேறு பதில் எழுதப்படாத நிரல் அந்தக் கணமே முடிந்துவிடும்.

இணைப்பு எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தும் விளைவு மாறும். டெர்மினல் சாளரத்தை நாமே மூடினால் சர்வருக்கு உடனே தெரியும், வேலை உடனே சாகும். வைஃபை சத்தமில்லாமல் போனால் சர்வருக்குத் தெரியாது. அது பட்டையின் அசைவுகளை அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பதில் வராமல் லினக்ஸ் கைவிட வழக்கமாக 15 நிமிடம் போல ஆகும். அந்த இடைவெளியில் போகாத எழுத்துகள் நிறைந்து, எழுத இடமில்லாமல் நிரல் அப்படியே காத்து நிற்கவும் கூடும். அதனால்தான் ஒரே மாதிரி இணைப்பு போனாலும் ஒருநாள் வேலை பிழைத்திருக்கிறது, இன்னொரு நாள் செத்திருக்கிறது. பிழைத்தது தற்செயல். அதை நம்பி இரவு முழுக்க ஓடும் வேலையை விட முடியாது.

பழைய தீர்வு ஒன்று உண்டு. கட்டளைக்கு முன்னால் `nohup` என்று சேர்த்தால் நிரல் அந்தச் சமிக்ஞையைப் பொருட்படுத்தாது. வேலை பிழைக்கும். ஆனால் பட்டை போய்விடும். பட்டை நகர்வதுபோலத் தெரிவதற்குக் காரணம், நிரல் அதே வரியின் தொடக்கத்துக்குத் திரும்பித் திரும்பி மேலெழுதுவதுதான். டெர்மினலில் மட்டுமே அது பட்டையாகத் தெரியும். `nohup` அந்த எழுத்துகளை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடும்போது ஆயிரக்கணக்கான துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவியும். பல நிரல்கள் எதிரில் டெர்மினல் இல்லை என்று கண்டதும் பட்டை வரைவதையே நிறுத்திவிடும். வேலை நடக்கிறது, எவ்வளவு நடந்தது என்று தெரியாது. ஆறேழு மணி நேர வேலையில் அதுவும் ஒரு தொல்லைதான்.

சர்வரிலேயே தங்கும் திரை

சரியான தீர்வு, டெர்மினலையே சர்வருக்குள் நிரந்தரமாக வைத்துவிடுவது. 1987-லேயே ஆலிவர் லவுமன், கார்ஸ்டன் போர்மன் இருவரும் எழுதிய ஸ்க்ரீன் என்ற நிரல் இதைச் செய்தது. இன்று பலரும் பயன்படுத்துவது டிமக்ஸ். நிக்கோலஸ் மேரியட் 2007-ல் தொடங்கியது.

டிமக்ஸ் இரண்டு பகுதியாக வேலை செய்கிறது. ஒரு பகுதி சர்வரில் பின்னணியில் தங்கி, தனக்கென்று டெர்மினல்களைத் திறந்து வைத்திருக்கிறது. நம் மாற்றும் வேலை அந்த டெர்மினலில் ஓடுகிறது. இன்னொரு பகுதி, நாம் உள்ளே நுழையும்போது அந்தத் திரையை நமக்குக் காட்டுகிறது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர் நகர்ந்துவிட்டால் உள்ளே சமையல் நின்றுவிடுவதில்லை. அதுபோல, இணைப்பு அறுந்தால் சாவது காட்டும் பகுதி மட்டுமே. வேலை சார்ந்திருக்கும் டெர்மினல் மூடப்படவே இல்லை. அதனால் சமிக்ஞையும் போவதில்லை, பட்டையும் தொடர்ந்து வரையப்படுகிறது. பார்க்க ஆளில்லாதபோதும் டிமக்ஸ் திரையின் நிலையைத் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. திரும்ப நுழைந்ததும் அதை அப்படியே நம் திரையில் வரைகிறது.

பயன்படுத்த ஒரே கட்டளை போதும்.

```
tmux new -A -s padam
```

`padam` என்பது நாம் வைத்த பெயர். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு திரை இருந்தால் `-A` அதற்குள் கொண்டுபோய்விடும். இல்லாவிட்டால் புதிதாகத் திறக்கும். இணைப்பு போய்த் திரும்ப வந்தவர் அவசரத்தில் அதே வேலையை இரண்டாவது முறையாகத் தொடங்கிவிடும் ஆபத்து இதனால் குறைகிறது. நாமாக வெளியே வர `Ctrl`-உடன் `b` அழுத்திவிட்டு `d` அழுத்த வேண்டும். திரும்பி வரும்போது திரை ஒரு மூலையில் குறுகித் தெரிந்தால், பழைய இணைப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது என்று பொருள். `tmux attach -d -t padam` என்று கொடுத்தால் பழையது விலகி, திரை முழு அளவுக்கு வரும்.

எதை நம்பி எண்ணுவது?

டிமக்ஸ் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது காப்பது இணைப்புத் துண்டிப்பிலிருந்து மட்டுமே. வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் பராமரிப்புக்காகச் சர்வரை நிறுத்தித் தொடங்கினால் டிமக்ஸும் அதன் உள்ளே இருந்த எல்லாமும் போய்விடும். நினைவகம் தீர்ந்து லினக்ஸ் தானே ஒரு நிரலைக் கொன்றாலும் அப்படித்தான். சில சர்வர்களில், பயனர் வெளியேறியதும் அவருடைய எல்லா நிரல்களையும் நிறுத்தும் அமைப்பு போட்டிருப்பார்கள். `KillUserProcesses=yes` என்பது அது. அங்கே டிமக்ஸும் தப்பாது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. நீண்ட வேலையைத் தொடங்கும் முன் வெறும் டிமக்ஸ் திரையைத் திறந்து, வெளியேறி, மீண்டும் நுழைந்து `tmux ls` கொடுத்துப் பார்த்தால் போதும்.

ஆகவே முன்னேற்றம் என்பது திரையில் மட்டும் இருக்கக் கூடாது. அது டிஸ்கில் இருக்க வேண்டும். படங்களை மாற்றும் வேலையில் இதற்கு ஒரு வசதி இயல்பாகவே இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்பு. மாற்றி முடிந்த கோப்பே தான் முடிந்ததற்குச் சாட்சி. வேலையை மறுபடி தொடங்கும்போது, வெப்பி கோப்பு ஏற்கெனவே இருக்கும் பக்கத்தைத் தாண்டிவிடலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பக்கம் பாதி மாறிக்கொண்டிருக்கும்போது சர்வர் நின்றால், டிஸ்கில் அரைகுறைக் கோப்பு ஒன்று கிடக்கும். பெயரை மட்டும் பார்த்துத் தாண்டினால் அந்தப் பக்கம் என்றென்றைக்கும் அரைகுறையாகவே இருந்துவிடும். எத்தனை முறை ஓட்டினாலும் தெரியாது. பல மாதம் கழித்து ஒரு வாசகர் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

இதைத் தடுக்கும் வழி எளிது. தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகே உண்மையான பெயரைச் சூட்ட வேண்டும். ஒரே டிஸ்க் பகுதிக்குள் பெயர் மாற்றுவது பிரிக்க முடியாத ஒற்றைச் செயல். பெயர் மாறியிருக்கும், அல்லது மாறாமல் இருக்கும். பாதி என்ற நிலை கிடையாது. `maatru.sh` என்ற பெயரில் இந்தச் சிறு நிரலை எழுதிக்கொள்ளலாம்.

```
#!/bin/bash
f="$1"
out="webp/$(basename "$f" .tif).webp"
[ -s "$out" ] && exit 0
cwebp -quiet -q 80 "$f" -o "$out.part" &&
  mv "$out.part" "$out"
```

மூன்றாவது வரி வெளியீட்டின் பெயரை முடிவு செய்கிறது. நான்காவது வரி, அந்தப் பெயரில் வெறுமையாக இல்லாத கோப்பு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறது. ஐந்தாவது வரி `.part` என்று முடியும் தற்காலிகப் பெயரில் மாற்றுகிறது. அதன் முடிவில் உள்ள `&&` முக்கியமானது. மாற்றம் பிழையின்றி முடிந்தால் மட்டுமே பெயர் மாற்றும் வரி ஓடும். டிஸ்க் நிரம்பி எழுத முடியாமல் போனாலும், மூலக் கோப்பு கெட்டிருந்தாலும் `.webp` என்ற பெயர் பிறக்கவே பிறக்காது.

வேலையைத் தொடங்குதல்

12,000 பக்கத்தையும் ஒரே மூச்சில் ஓட்டுவதற்கு முன் 20 பக்கத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அவற்றுக்கு 80 விநாடி ஆயிற்று, விளைந்த கோப்புகள் சேர்ந்து 12 எம்பி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 4 விநாடி என்றால் மொத்தம் 48,000 விநாடி, அதாவது 13 மணி 20 நிமிடம். சர்வரில் இரண்டு செயலிக் கருக்கள் இருந்தால் இரண்டு பக்கங்களை ஒரே நேரத்தில் மாற்றி, 6 மணி 40 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். இடத் தேவை 7.2 ஜிபி. `df -h` கொடுத்து அவ்வளவு காலி இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அந்த 20 பக்கத்தையும் திறந்து எழுத்துகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். ஆறு மணி நேரம் கழித்துத் தரம் போதவில்லை என்று கண்டால் எல்லாவற்றையும் மீண்டும் ஓட்ட வேண்டியிருக்கும்.

இனி டிமக்ஸ் திரைக்குள் நுழைந்து, ஜிஎன்யூ பேரலல் என்ற நிரலிடம் வேலையைக் கொடுக்கலாம். கோப்புகளின் பட்டியலை வாங்கி, ஒரே நேரத்தில் எத்தனை ஓட வேண்டும் என்று சொன்ன கணக்கில் அவற்றை அனுப்புவது அதன் பணி. பட்டையையும் அதுவே வரையும்.

```
mkdir -p webp
chmod +x maatru.sh
find tiff -name '*.tif' | sort |
  parallel -j2 --bar --joblog velai1.log ./maatru.sh {}
```

`-j2` என்பது இரண்டு பக்கம் ஒரே நேரத்தில். `--bar` பட்டை. முடிந்தவை எத்தனை, மீதி எத்தனை, இன்னும் எவ்வளவு நேரம் என்பதை அது காட்டும். `--joblog` ஒவ்வொரு பக்கமும் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் எடுத்தது, வெற்றியா தோல்வியா என்பதை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். வேலை ஓடத் தொடங்கியதும் வெளியே வந்துவிடலாம்.

பட்டைக்கு வெளியே இன்னொரு சாட்சியும் வேண்டும். வேறொரு சாளரத்திலிருந்து, அல்லது கைப்பேசியிலிருந்து நுழைந்து இப்படிக் கேட்கலாம்.

```
watch -n 30 'ls webp | grep -c "webp$"'
```

இது 30 விநாடிக்கு ஒருமுறை டிஸ்கில் முடிந்து நிற்கும் கோப்புகளை எண்ணிச் சொல்லும். `.part` கோப்புகளைச் சேர்க்காது. பக்கத்துக்கு 4 விநாடி, இரண்டு பக்கம் ஒரே நேரத்தில் என்றால், ஒவ்வொரு முறையும் எண் 15 போலக் கூட வேண்டும். கூடாமல் நின்றால் ஏதோ கோளாறு. அப்போது `df -h` இடம் தீர்ந்ததா என்று சொல்லும். `top` கொடுத்தால் `cwebp` ஓடுகிறதா என்று தெரியும்.

சர்வரே நின்றுபோனால்

நம் கதையில் 7,140 பக்கம் முடிந்த நிலையில் சர்வர் நின்று மீண்டும் எழுந்துவிட்டது என்று கொள்வோம். உள்ளே நுழைந்து `tmux ls` கொடுத்தால் எந்தத் திரையும் இல்லை என்று பதில் வருகிறது. பட்டை போயிற்று. ஆனால் வேலை போகவில்லை. புதிய டிமக்ஸ் திரை திறந்து அதே கட்டளையைக் கொடுக்கலாம். பதிவுக் கோப்பின் பெயரை மட்டும் `velai2.log` என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பழைய பதிவு அழிந்துவிடும். முடிந்த 7,140 பக்கமும் விறுவிறுவென்று தாண்டப்படும். நிறுத்தத்தின்போது பாதியில் இருந்த இரண்டு பக்கங்கள் `.part` ஆகவே கிடக்கும். அவை மீண்டும் முதலிலிருந்து மாற்றப்படும்.

இந்த இடத்தில் பட்டை சொல்லும் நேரத்தை நம்பக் கூடாது. இதுவரை ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்ற சராசரியைக் கொண்டே அது மீதி நேரத்தைக் கணிக்கிறது. 7,140 பக்கமும் நொடியில் தாண்டப்பட்டதால் சராசரி மிகச் சிறியதாகி, ஓரிரு நிமிடத்தில் முடியும் என்று காட்டும். உண்மையில் மீதி 4,860 பக்கம். பக்கத்துக்கு 4 விநாடி, இரண்டிரண்டாக என்றால் 9,720 விநாடி, அதாவது 2 மணி 42 நிமிடம். இதை நாமே கணக்கிட்டுக்கொள்வதுதான் சரி.

ஜிஎன்யூ பேரலலிலேயே `--resume` என்ற வசதி உண்டே, அதைப் பயன்படுத்தினால் என்ன? அது பதிவுக் கோப்பில் உள்ள வரிசை எண்ணைப் பார்த்துத் தாண்டுகிறது. இடையில் யாராவது புதிதாகச் சில பக்கங்களை ஸ்கேன் செய்து சேர்த்திருந்தால் பட்டியலின் வரிசை நகர்ந்துவிடும். 5,001-ஆவது என்று முன்பு இருந்த பக்கம் இப்போது 5,004-ஆவதாக இருக்கும். மாறாத பக்கத்தை மாறியதாக எண்ணித் தாண்டிவிட அது போதும். தோற்றுப்போன பக்கமும் பதிவில் இருப்பதால் அதையும் தாண்டும். கோப்பு டிஸ்கில் இருக்கிறதா என்று கேட்கும் நம் நான்காவது வரிக்கு இந்தக் குழப்பம் வராது.

நூறு விழுக்காடு என்றால் என்ன?

கடைசியில் பட்டை 100 தொடும். அது சொல்வது, எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தாயிற்று என்பதை மட்டுமே. தோற்றவையும் அந்த நூறில் அடக்கம். தோற்றவை எவை என்று பதிவுக் கோப்பு சொல்லும்.

```
awk 'NR>1 && ($7!=0 || $8!=0)' velai2.log
```

ஏழாவது பத்தியில் பூச்சியம் இருந்தால் வெற்றி. எட்டாவது பத்தியில் பூச்சியம் அல்லாத எண் இருந்தால், சமிக்ஞை வந்து இடையில் கொல்லப்பட்டது என்று பொருள். இந்தக் கட்டளை எதையும் அச்சிடாவிட்டால் நல்லது. நம் எடுத்துக்காட்டில் மூன்று வரி வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று டிஃப் கோப்புகளையும் தனித்தனியே `maatru.sh`-க்குக் கொடுத்தால் `cwebp` காரணத்தைத் திரையில் சொல்லும். பெரும்பாலும் ஸ்கேன் செய்த இடத்திலிருந்து சர்வருக்கு ஏற்றும்போது பாதியில் நின்றுபோன கோப்பாக இருக்கும். மீண்டும் ஏற்றி, அதே பெரிய கட்டளையை இன்னொரு முறை ஓட்டினால் அந்த மூன்று மட்டும் மாறும்.

அடுத்து இரண்டு எண்ணிக்கைகளையும் ஒப்பிட வேண்டும். `tiff` கோப்புறையில் 12,000 இருந்தால் `webp` கோப்புறையிலும் 12,000 இருக்க வேண்டும். பிழை எதுவும் பதிவாகாமலே எண்ணிக்கை குறைந்தால் ஒரு காரணத்தை உடனே சந்தேகிக்கலாம். வெவ்வேறு ஆண்டுக் கோப்புறைகளில் `001.tif` என்று ஒரே பெயர் இருந்தால், நம் நிரல் கோப்புறைப் பெயரை விட்டுவிட்டுக் கோப்பின் பெயரை மட்டும் எடுப்பதால், முதலில் வந்தது மாறும், அடுத்தவை ஏற்கெனவே முடிந்தவையாகத் தாண்டப்படும். அதனால் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் பெயர் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். `1962-03-001.tif` என்பதுபோல ஆண்டும் மாதமும் பெயரிலேயே இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தும் பக்கம் காணாமல் போக ஒரு வழி இருக்கிறது. சில ஸ்கேனர்கள் பல பக்கங்களை ஒரே டிஃப் கோப்புக்குள் அடுக்கிச் சேமிக்கும். `cwebp` அதில் முதல் பக்கத்தை மட்டுமே மாற்றும். பிழை என்றும் கணக்கில் சேர்க்காது. 26 எம்பி இருக்க வேண்டிய கோப்புகளுக்கு நடுவே 52 எம்பி, 78 எம்பி என்று ஏதாவது தென்பட்டால் `identify` கட்டளையை அதன்மீது ஓட்டிப் பார்க்கலாம். பக்கத்துக்கு ஒரு வரி அச்சிடும். ஒன்றுக்கு மேல் வரி வந்தால் அந்தக் கோப்பை முதலில் தனித்தனிப் பக்கங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தோல்விப் பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டு எண்ணிக்கைகளும் ஒத்துப்போக வேண்டும். அங்கங்கே சில பக்கங்களைத் திறந்து கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இந்த மூன்றும் ஆன பிறகே வேலை முடிந்தது என்று சொல்லலாம். அதுவரை டிமக்ஸ் திரையை மூட வேண்டாம், பதிவுக் கோப்புகளை அழிக்க வேண்டாம். வெப்பி வந்துவிட்டதே என்று டிஃப் கோப்புகளை எந்தக் கட்டத்திலும் நீக்கக் கூடாது. இங்கே `-q 80` என்று கொடுத்துச் செய்தது இழப்புள்ள சுருக்கம். அதிலிருந்து மூலப் பக்கத்தைத் திரும்ப எடுக்க முடியாது. நாளை இதைவிட நல்ல வடிவம் ஒன்று வந்தால், இதே நிரலில் ஓரிரு வரியை மாற்றி அந்த 12,000 பக்கத்தையும் மீண்டும் ஓட்டலாம். அதற்கு டிஃப் கோப்புகள் இருந்தாக வேண்டும்.